நான்கு பெட்டியா, பன்னிரண்டு குப்பையா? பழைய போனில் உடையும் தமிழ்

பழைய போனில் தமிழ் சரியாகத் தெரியவில்லை என்று சொல்பவர்கள் எல்லோரும் ஒரே கோளாறைச் சொல்வதில்லை. ஒருவர் திரையில் வெறும் பெட்டிகள் இருக்கும். இன்னொருவருக்கு எழுத்துகள் வரும், ஆனால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். மூன்றாமவருக்கு à, ® என்று பிரெஞ்சு மாதிரி ஏதோ ஓடும். மூவருக்கும் கிடைக்கும் ஆலோசனை மட்டும் ஒன்றுதான்: "ஒரு தமிழ் ஃபான்ட் போடுங்க." அது முதலாமவருக்கு மட்டும், அதுவும் பாதிதான் உதவும். மற்ற இருவருக்கும் ஃபான்ட் போட்டு ஒரு பயனும் இல்லை.

எது எந்தக் கோளாறு என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு சொல்லை எடுத்து, திரையில் எத்தனை உருப்படிகள் தெரிகின்றன என்று எண்ணினால் போதும். இதற்கு "மொழி" நல்ல சொல். நம் கண்ணுக்கு அது இரண்டு எழுத்து. யூனிகோடு கணக்கில் நான்கு குறியீடுகள்: ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி. சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் பெரும்பாலும் பயன்படுவது யூடிஎஃப்-8 முறை. அதில் வழக்கமான ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட், ஆக மொத்தம் பன்னிரண்டு பைட்.

```
ம    U+0BAE   E0 AE AE
ொ   U+0BCA   E0 AF 8A
ழ    U+0BB4   E0 AE B4
ி    U+0BBF   E0 AE BF
```

இரண்டு, நான்கு, பன்னிரண்டு. இந்த மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டு திரையைப் பாருங்கள். நான்கு பெட்டி தெரிந்தால் குறியீடுகள் நான்கும் பத்திரமாக வந்துவிட்டன, வரைவதற்குப் படம்தான் இல்லை. ம, ழ எல்லாம் தெரிந்து அவை தனித்தனியாகச் சிதறியிருந்தால் படமும் இருக்கிறது, கோர்க்கத்தான் ஆள் இல்லை. பன்னிரண்டு குப்பை எழுத்துகள் தெரிந்தால் பைட்டுகளை யாரோ தவறான முறையில் படித்திருக்கிறார்கள். நான்கு கேள்விக்குறி தெரிந்தால் செய்தி வழியிலேயே அழிந்துவிட்டது. சில போன்கள் குறிகளை அடுத்த எழுத்தோடு ஒட்டியே பெட்டி போடும் என்பதால் எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறையலாம். ஆனால் நான்குக்கும் பன்னிரண்டுக்கும் இடையே குழப்பம் வராது.

முதலில் பெட்டி. போனில் இருக்கும் ஒவ்வொரு எழுத்துருவும் தன்னிடம் எந்தெந்தக் குறியீடுகளுக்குப் படம் இருக்கிறது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். கேட்ட குறியீடு முதல் எழுத்துருவில் இல்லையென்றால் போன் அடுத்ததைப் பார்க்கும், அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது. எதிலுமே இல்லாதபோது வரைவதுதான் அந்தக் காலிப் பெட்டி. அதை ஆங்கிலத்தில் டோஃபு என்பார்கள். நோட்டோ என்ற எழுத்துருக் குடும்பத்தின் பெயரே "டோஃபு இல்லை" என்பதன் சுருக்கம்தான். ஆண்ட்ராய்டு 2.2, 2.3 காலத்துப் போன்களில் தயாரிப்பாளர் தானாகச் சேர்த்திருந்தால் ஒழிய தமிழ் எழுத்துரு கிடையாது. 4 வரிசையில் போனுக்குப் போன் நிலைமை மாறும். 5.0இல் நோட்டோ தமிழ் எழுத்துரு அமைப்போடு சேர்ந்தே வந்தது. ஆகவே போனின் அமைப்புகளில் ஆண்ட்ராய்டு பதிப்பைப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதிக்கு, அந்தச் செய்தியை அப்படியே புதிய போன் ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகத் தெரிந்தால் செய்தியில் பழுதில்லை, பழுது இந்தப் போனில்.

ஒரு விதிவிலக்கு. பத்தி முழுக்க ஒழுங்காகத் தெரிந்து ஒரே ஒரு இடத்தில் மட்டும் பெட்டி வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எழுத்துரு இருக்கிறது, ஆனால் பழையது. ஶ என்ற எழுத்து யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, ௐ 2008இல். பழைய தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல். அந்தந்த ஆண்டுக்கு முன் செய்த எழுத்துருவில் அவற்றுக்குப் படம் இருக்காது. இதில் அதிகம் தட்டுப்படுவது ஸ்ரீ. அதை ஸ கொண்டும் எழுதலாம், ஶ கொண்டும் எழுதலாம், புதிய போனில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். ஶ கொண்டு எழுதியது பழைய போனில் பெட்டியாகிவிடும். பழைய போன்காரர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் ஸ கொண்டு எழுதுவதே பாதுகாப்பு.

இனி, சிதறிய எழுத்து. பலர் தடுமாறுவது இங்கேதான். ரூட் செய்த பழைய போனில் தமிழ் எழுத்துருக் கோப்பை `/system/fonts` அடைவில் போடுவார்கள். மறுதொடக்கம் செய்ததும் பெட்டிகள் மறைந்துவிடும், ஆனால் "மொழி" இப்படி நிற்கும்: ம ொ ழ ி. உடனே ஃபான்ட் சரியில்லை என்று வேறொன்று போடுவார்கள். அதுவும் அப்படியே நிற்கும். காரணம், எழுத்துரு ஒரு படப்பெட்டி மட்டும்தான். ஒற்றைக்கொம்பை மகரத்துக்கு முன்னால் கொண்டுவந்து, காலைப் பின்னால் வைப்பது வேறொரு நிரலின் வேலை. அதைக் கோர்ப்பு இயந்திரம் என்று வைத்துக்கொள்வோம். யூனிகோடில் நாம் எப்போதும் மெய்யை முதலிலும் குறியைப் பின்னாலும் சேமிக்கிறோம், கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் சரி. அந்த இடமாற்றத்தைச் செய்ய ஆள் இல்லாத போனில் கொம்பு பின்னாலேயே நின்றுவிடும், பெரும்பாலும் ஒரு புள்ளிவட்டத்தோடு.

கோர்ப்பு இல்லை என்பதை உறுதி செய்ய "கு, சு, து, டி, கை, கெ" என்று ஒரு வரி அடித்துப் பாருங்கள். கு, சு, து மூன்றிலும் உகரம் மெய்யோடு உருகி வேறுவேறு வடிவம் எடுக்கிறது. இந்த உருகலுக்கான அட்டவணை எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும், அதைப் படித்து நடத்துவது கோர்ப்பு இயந்திரம். க-வுக்கு அருகே உகரக் குறி ஒட்டாமல் தனியே நின்றால் இரண்டில் ஒன்று: போனில் இயந்திரம் இல்லை, அல்லது எழுத்துருவில் அட்டவணை இல்லை.

இரண்டாவது காரணம் நல்ல போனிலும் வரும். அழகுக்காக ஒரு புது எழுத்துரு பாணியை இறக்கிப் போட்ட அன்றிலிருந்து தமிழ் உடைந்தது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம். அந்த எழுத்துருவில் தமிழ்ப் படங்கள் இருக்கும், அட்டவணை இருக்காது. படங்கள் இருப்பதால் போன் தன் சொந்த நல்ல எழுத்துருவைத் தேடிப் போகாது. அமைப்புகளில் எழுத்துருவை மறுபடி இயல்புநிலைக்கு மாற்றினால் நொடியில் சரியாகிவிடும். இதைப் பார்க்காமல் போனையே துடைத்து மீட்டவர்கள் உண்டு.

பழைய போனில் நிஜமாகவே கோர்ப்பு இயந்திரம் இல்லையென்றால் அதைத் தனியாகப் போட வழி கிடையாது, அது இயங்குதளத்தின் உள்பகுதி. ஆனால் சுற்றுவழி உண்டு. ஃபயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் போனின் இயந்திரத்தை நம்பாமல் கோர்ப்பைத் தாங்களே செய்துகொள்ளும். பக்கமும் தன் தமிழ் எழுத்துருவைக் கூடவே அனுப்பினால் அந்த உலாவிக்குள் மட்டும் தமிழ் ஒழுங்காக நிற்கும். ஜாவா போன்களிலும் ஆரம்பகால ஆண்ட்ராய்டிலும் ஊரறிந்த வழி பழைய ஓபரா மினி. முகவரிப் பட்டையில் இதை அடிக்க வேண்டும்:

```
opera:config
```

வரும் பட்டியலின் கீழே `Use bitmap fonts for complex scripts` என்ற வரியை `Yes` என்று மாற்றி `Save` அழுத்த வேண்டும். அதன்பின் தமிழை வரைவது போன் அல்ல, ஓபராவின் வழங்கி. அங்கே கோர்த்து, படமாக்கி அனுப்பும். படம் என்பதால் சொல்லை நகலெடுக்க முடியாது, தரவும் கூடுதலாகச் செலவாகும். ஒன்றுமே தெரியாத போனில் அது பெரிய குறையாக யாருக்கும் படவில்லை.

ரூட் செய்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 4 வரிசையில் எழுத்துருக் கோப்பைப் போட்டால் மட்டும் போதாது, `/system/etc/fallback_fonts.xml` கோப்பில் அதன் பெயரையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கோப்பு அங்கேயே கிடக்கும், போன் அதைப் பார்க்கவே பார்க்காது.

```
<family>
  <fileset>
    <file>Lohit-Tamil.ttf</file>
  </fileset>
</family>
```

அடுத்தது அனுமதி. எழுத்துருக் கோப்புக்கு `rw-r--r--`, அதாவது 644 இருக்க வேண்டும். மற்ற நிரல்கள் படிக்க முடியாத அனுமதியோடு விட்டாலோ, இந்தப் பட்டியலில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனாலோ, போன் தொடக்கப் படத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும் ஆபத்து உண்டு. பழைய கோப்பின் நகலைக் கணினியில் எடுத்து வைக்காமல் இதில் கை வைக்க வேண்டாம். 2.x போனில் இத்தனையும் செய்தாலும் கிடைப்பது பெட்டிக்குப் பதில் சிதறிய எழுத்துதான். அந்தச் சிரமத்துக்கு அது தகுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

இதுவரை சொன்னது போன் பக்கக் கோளாறு. பன்னிரண்டு குப்பை எழுத்து அனுப்புகிறவர் பக்கக் கோளாறு. அதே "மொழி" இப்படி வந்து நிற்கும்:

```
à®®à¯Šà®´à®¿
```

எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. யூடிஎஃப்-8 பைட்டுகளை ஒரு நிரல் விண்டோஸ்-1252 என்ற மேலை ஐரோப்பிய முறையில் பைட்டுக்கு ஓர் எழுத்தாகப் படித்திருக்கிறது. E0 அங்கே à, AE அங்கே ®, AF அங்கே ¯. வழக்கமான தமிழ்க் குறியீடுகள் எல்லாமே E0 AE அல்லது E0 AF என்று தொடங்குவதால்தான் இந்தக் குப்பையில் à® என்றும் à¯ என்றும் மறுபடி மறுபடி வருகிறது. இதைப் பார்த்த மாத்திரத்தில் "இது தமிழ்தான், யூடிஎஃப்-8தான், படித்த விதம்தான் தப்பு" என்று சொல்லிவிடலாம். போனில் ஆயிரம் எழுத்துரு போட்டாலும் இது மாறாது, ஏனென்றால் போன் தனக்குக் கொடுத்த à-வை à-வாகச் சரியாகத்தான் வரைகிறது.

வலைப்பக்கத்தில் இது வந்தால் பெரும்பாலும் தலைப்பகுதியில் `<meta charset="utf-8">` இல்லை, அல்லது வழங்கி பக்கத்தோடு அனுப்பும் தலைப்புக் குறிப்பில் வேறு முறையைச் சொல்கிறது. இரண்டும் முரண்பட்டால் உலாவி வழங்கி சொல்வதைத்தான் கேட்கும். பக்கத்தில் வரி இருக்கிறதே, ஏன் சரியாகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. அந்த வரி கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி. பழைய உலாவிகளில் குறிமுறையைக் கையால் மாற்றும் தேர்வு உண்டு. யூடிஎஃப்-8 என்று மாற்றினால் அந்தப் பக்கம் அப்போதைக்கு ஒழுங்காகும்.

குப்பையாகவே சேமித்துவிட்டார்கள் என்றால்? அப்போதும் பெரும்பாலும் மீட்கலாம், ஆனால் தமிழுக்கென்று இதில் ஒரு கண்ணி இருக்கிறது. "மொழி" எளிதில் மீளும், "எழுத்து" மீளாமல் போகலாம். விண்டோஸ்-1252 முறையில் 81, 8D, 8F, 90, 9D ஆகிய ஐந்து இடங்கள் காலி, எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. உகரக் குறியின் கடைசி பைட் 81. புள்ளியின் கடைசி பைட் 8D. ஏ-வுக்கு 8F, ஐ-க்கு 90. தமிழில் அதிகம் புழங்கும் புள்ளியும் உகரமும் சரியாக அந்தக் குழிகளில் போய் விழுகின்றன. அந்த பைட்டுகளைச் சில நிரல்கள் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறியாக வைத்திருக்கும், சில நிரல்கள் தூக்கி எறிந்துவிடும். "எழுத்து" என்பது ஏழு குறியீடு, இருபத்தொரு பைட். அது குப்பையானால் கண்ணுக்குத் தெரிவது பதினெட்டுதான். மீதி மூன்று ஒளிந்திருக்கிறதா, தொலைந்ததா என்பதைப் பொறுத்தே மீட்பு. குப்பையைத் திரையிலிருந்து நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும்போதுதான் அவை அதிகம் தொலைகின்றன. ஆகவே மீட்க நினைப்பவர் ஒட்டிய உரையைத் தொடாமல் மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். பிறகு பைத்தானில் இது போதும்:

```python
s = open("old.txt", encoding="utf-8").read()
b = bytes(ord(c) if ord(c) < 256
          else c.encode("cp1252")[0] for c in s)
print(b.decode("utf-8", errors="replace"))
```

256க்குக் கீழுள்ளதை அப்படியே பைட்டாக எடுக்கிறோம், ஒளிந்திருக்கும் 81, 8D இதில் தப்பித்துவிடும். Š, € போன்று மேலே போனவற்றை மட்டும் விண்டோஸ்-1252 அட்டவணை வழியாகத் திருப்புகிறோம். வெறுமனே `s.encode("cp1252")` என்று எழுதினால் அந்த ஒளிந்த பைட்டுகளில் நிரல் முட்டி நின்றுவிடும். விடையில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறியாக � வந்தால் அங்கே பைட் தொலைந்துவிட்டது என்று பொருள். "எழ�த�த�" என்று வந்தால் என்ன செய்வது? அரிதாக வரும் ௐ-ஐ விட்டால், E0 AF-க்குப் பின் தொலையக்கூடியவை உகரமும் புள்ளியும் மட்டுமே, E0 AE-க்குப் பின் ஏ-யும் ஐ-யும் மட்டுமே. பின்னவை சொல்லின் முதலில் வருபவை, முன்னவை ஒருபோதும் முதலில் வராது. ஆக ஒவ்வொரு வைரத்துக்கும் இரண்டே தெரிவு. தமிழ் தெரிந்தவர் படித்துக்கொண்டே போய் நிரப்பிவிடலாம். பெரிய கோப்பானால் அலுப்புதான், ஆனால் அழிந்த கேஸ் இல்லை.

வரியின் கடைசியில் மட்டும் ஒரு வைரம் வந்தால் அது வேறு. யாரோ நீளத்தை எழுத்துக் கணக்கில் பார்க்காமல் பைட் கணக்கில் வெட்டியிருக்கிறார்கள். 100 பைட்டில் வெட்டினால் 33 தமிழ்க் குறியீடுகள் முழுதாக நிற்கும், மிஞ்சிய ஒரு பைட் வைரமாகும். வெட்டும் நிரலைத் திருத்த வேண்டும், போனைத் திட்டிப் பயனில்லை.

நான்கு கேள்விக்குறி, அதாவது "????", இவற்றில் மோசமானது. தமிழுக்கு இடமே இல்லாத ஒரு குறிமுறைக்கு மாற்றும்போது, மாற்ற முடியாத ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ? போட்டுவிடுகிறார்கள். ம-வும் ?, ழ-வும் ?. திரும்ப வழியில்லை, அனுப்பியவரிடம் மறுபடி கேட்க வேண்டியதுதான். தரவுத்தள அட்டவணையோ இணைப்போ `latin1` என்று இருக்கும்போது இது நடக்கும். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்பும்போது செய்தி வகையை யூனிகோடு என்று தேர்ந்தெடுக்காமல் விட்டாலும் நடக்கும். யூனிகோடு வகையில் ஒரு குறுஞ்செய்தி 160 எழுத்து அல்ல, 70 குறியீடுதான். நீண்ட செய்தி பிரிந்தால் துண்டுக்கு 67. "மொழி" அதில் இரண்டல்ல, நான்கு இடம் பிடிக்கும். செலவு கூடுகிறதே என்று வகையை மாற்றிவிட்டால் போய்ச் சேர்வது கேள்விக்குறிகள்தான்.

கடைசியாக ஒன்று, இன்னும் ஓயாதது. திரையில் "nkhop" என்று தெரிந்தால்? அதுவும் "மொழி"தான், பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ்ப் படங்களை ஒட்டி வைத்த பழைய எழுத்துரு. n என்பது கொம்பு, k என்பது ம, h என்பது கால், o என்பது ழ, p என்பது இகரச் சுழி. கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் கொம்பு முதலில் வந்திருக்கிறது, நான்குக்குப் பதில் ஐந்து எழுத்தும் வந்திருக்கிறது. கணினியில் எந்த ஆங்கில எழுத்துகள் சேமிக்கப்பட்டனவோ அவற்றைத்தான் போன் காட்டுகிறது, அதன் மேல் பிழை இல்லை. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவியில் போட்டு எடுத்தால் தீர்ந்தது. மாற்றும்போது இடையில் உள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களும் தமிழாகிக் குளறும், அவற்றை முன்கூட்டியே பிரித்து வைப்பது நல்லது.

இதில் ஏமாற்றுவது பிடிஎஃப். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பொதிந்திருப்பதால் எந்தப் போனிலும் அழகாகத் தெரியும். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்துச் செய்தியில் ஒட்டிய பிறகுதான் nkhop வெளியே வரும். பழைய ஆவணத்தைப் பரப்பும் முன் இப்படி ஒரு வரியை ஒட்டிப் பார்த்துவிட்டால், உள்ளே இருப்பது தமிழா, தமிழ்போல் தெரியும் ஆங்கிலமா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.